ஒன்றரைப் பக்கக் கதை, அரைப் பக்கக் கடிதம்

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் சிறிய கிளினிக் நடத்துகிறேன், சார். மேல் சிகிச்சைக்கு வேலூருக்கு அனுப்பும் நோயாளிகளுக்கு எல்லாவற்றையும் விளக்கி ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதித் தருகிறேன். திரும்பி வரும் சீட்டில் 'பார்த்தோம், மருந்துகளைத் தொடரவும்' என்பதைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. அடுத்த வாரம் ஓர் அம்மாவைச் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அவருக்காக எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இதை எப்படிச் சுருக்குவது?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வீட்டில், காபியோடு, நிதானமாக. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அந்த அம்மாவை நேரில் பார்த்ததுபோல் இருந்தது. இரண்டாம் முறை, காலை பதினொரு மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்திருக்கும் சிறுநீரக மருத்துவராக என்னை நினைத்துக்கொண்டு படித்தேன். கதவுக்கு வெளியே நாற்பது பேர். அணைக்கட்டிலிருந்து வந்தவர், சித்தூரிலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வந்தவர், வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்தவர். கடிதத்தின் பன்னிரண்டாவது வரியில், மகள் திருமணத்தன்று அவருக்கு மயக்கம் வந்த இடத்தில், நான் தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்து 'என்னம்மா செய்கிறது?' என்று கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தை யாரும் படிக்கப் போவதில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், படிக்கப்படாமல் போகும் பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. முழங்கால் வலிக்கு நான்கு மாதமாகத் தினமும் மாத்திரை போடுகிறார் என்பது இரண்டாம் பக்கத்தில், திருவிழாவுக்கு நடந்து போன கதையின் நடுவில் வருகிறது. 'சில மாதங்களாக நாட்டு மருந்தும் எடுத்துக்கொள்கிறார்' என்பது கடைசி வரி. உங்கள் கையெழுத்துக்கு நேர் மேலே. இந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்தால் யாரும் 'சர்க்கரையால் வந்த சிறுநீரகக் கோளாறு' என்றுதான் முடிவு செய்வார்கள். 'மருந்துகளைத் தொடரவும்' என்று பதில் வருவதில் வியப்பில்லை.

நீங்கள் கேட்டது சுருக்குவதைப் பற்றி. ஆனால் கதையிலிருந்து வரிகளை அடித்து அடித்துக் குறைத்தால் குறைந்த கதைதான் கிடைக்கும், கடிதம் கிடைக்காது. நான் செய்வது வேறு. கதையை ஓரமாக வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் முதலில் கேள்வியை எழுதுவேன். இந்த நோயாளியைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன, அதில் அந்த நிபுணரால் மட்டும் சொல்ல முடிந்தது எது என்று. பிறகு கதைக்குத் திரும்பி வந்து, அந்தக் கேள்விக்கு விடை சொல்பவருக்குத் தேவையானதை மட்டும் பொறுக்குவேன். கேள்வி இல்லாமல் எதை விடுவது என்று தெரியாது, எல்லாமே முக்கியமாகப்படும், அதனால்தான் ஒன்றரைப் பக்கம்.

உங்கள் கடிதத்தில் உள்ள கேள்வி 'தயவுசெய்து பரிசோதித்து ஆவன செய்யவும்'. நம் எல்லோருக்கும் கை தானாக எழுதும் வரி அது. நானும் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அது கேள்வியே இல்லை. அதற்குச் சரியான பதில் 'ஆவன செய்தோம்' என்பதுதான். அதைத்தான் அவர்களும் எழுதி அனுப்புகிறார்கள்.

சரி, இந்த அம்மாவுக்கு உண்மையான கேள்வி எது? நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்தே யோசிப்போம். வயது 56, பீடி சுற்றுகிறவர். சர்க்கரை 11 ஆண்டுகள், இரத்த அழுத்தம் ஆறு ஆண்டுகள். கிரியேட்டினின் ஜனவரியில் 1.0, ஜூனில் 1.3, செப்டம்பர் 12ஆம் தேதி 2.1. வலி மாத்திரையை நீங்கள் நிறுத்தச் சொன்ன பிறகு 20ஆம் தேதி 1.9. சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது. புரத–கிரியேட்டினின் விகிதம் 3.8. இரத்தத்தில் ஆல்புமின் 2.7. கால் வீக்கம், இரண்டு மாதத்தில் எடை 58 கிலோவிலிருந்து 63. ஆகஸ்டில் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்து, சர்க்கரையின் பாதிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல், சரியான அளவு.

சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலை. இங்கே எட்டே மாதத்தில் கிரியேட்டினின் இரட்டிப்பாகியிருக்கிறது. விழித்திரையும் சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரையில் விழித்திரை நன்றாக இருந்தும் சிறுநீரகம் கெடுவதுண்டு. ஆகவே அது மட்டுமே சாட்சியாகாது. ஆனால் வேகமும் விழித்திரையும் சேரும்போது 'சர்க்கரை மட்டும்தானா?' என்ற சந்தேகம் வலுக்கிறது. சந்தேகத்துக்கு இரண்டு ஆட்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். ஒன்று, அசெக்ளோஃபினாக். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பது எல்லோருக்கும் தெரியும். அபூர்வமாக வடிகட்டியையே கெடுத்துப் புரதத்தைக் கொட்டவும் வைக்கும் என்பது பலருக்கு மறந்துபோகும். இன்னொன்று, வைத்தியர் தந்த அந்தச் சிவப்புத் தூள். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயின் ஒரு வகைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்தே ஆய்வுகள் வந்திருக்கின்றன. அந்த நோயாக இருந்தால் தூளை நிறுத்துவதே சிகிச்சையின் பெரும் பகுதி. சர்க்கரையாக இருந்தால் வழியே வேறு.

இவற்றைப் பிரித்துச் சொல்ல சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதை நீங்களும் நானும் செய்ய முடியாது. செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கவும் முடியாது. ஆகவே கேள்வி இதுதான்: 'இந்தப் புரத இழப்பு சர்க்கரையால் வந்ததா, வேறு நோயா, பயாப்ஸி தேவையா?' இதற்கு 'ஆவன செய்தோம்' என்று யாரும் பதில் எழுத முடியாது.

இரண்டாவது கேள்வி, பிரஷருக்குப் போடும் எனலாப்ரில் பற்றியது. புரத இழப்பைக் குறைக்க அது வேண்டும். ஆனால் அது பொட்டாசியத்தை ஏற்றும். இவருக்கு 5.4 வரை ஏறி இப்போது 5.1இல் நிற்கிறது. தொடர்வதா, குறைப்பதா, எந்த அளவில் நிறுத்துவதா என்று உங்களுக்குத் தயக்கம் இருப்பது கடிதத்தில் ஓர் இடத்தில் தெரிகிறது. தயக்கத்தை ஒளிக்காமல் கேள்வியாகவே எழுதுங்கள். இரண்டு கேள்விக்கு மேல் போக வேண்டாம். ஐந்து கேள்வி கேட்டால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும்.

கேள்வி கிடைத்துவிட்டது. இனி கதையைப் பொறுக்குவது எளிது. பித்தப்பை அறுவை சிகிச்சை, 1998: வேண்டாம். திருமண நாள் மயக்கம்: சர்க்கரை தாழ்ந்ததால் வந்தது, ஒரே ஒரு முறை, இந்தக் கேள்விக்கு வேண்டாம். தந்தைக்கு மாரடைப்பு: வேண்டாம். ஆனால் 2009இல் நுரையீரல் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு முடித்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அது கட்டாயம் வேண்டும். ஏன் என்றால், பயாப்ஸியில் சில நோய்கள் தெரிந்தால் ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறு மருந்தோ கொடுப்பார்கள். பழைய காசநோய் மீண்டும் தலைதூக்கும் ஆபத்தை அவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு மேல் பழைய நோய் உள்ளே வருகிறது, சென்ற ஆண்டு மயக்கம் வெளியே போகிறது. எது பழையது எது புதியது என்பதை வைத்துத் தேர்ந்தெடுத்தால் இது தவறிப் போகும்.

எண்களிலும் அப்படித்தான். நீங்கள் செப்டம்பர் மாதப் பரிசோதனைத் தாளில் இருந்த பதினெட்டு எண்களையும் எழுதியிருக்கிறீர்கள். கிரியேட்டினினுக்கு ஒரே எண்தான் இருக்கிறது: 1.9. ஜனவரி, ஜூன் எண்கள் இணைப்புத் தாள்களில் இருந்தன. நான் தேடி எடுத்தேன். வெளிநோயாளர் பிரிவில் யாரும் தேட மாட்டார்கள். 1.9 என்று மட்டும் படித்தால் 'நாள்பட்ட கோளாறு, ஆறு மாதம் கழித்து வரவும்' என்று தோன்றும். 1.0, 1.3, 2.1, 1.9 என்று தேதியோடு ஒரு வரியில் படித்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். பதினெட்டு எண்ணுக்குப் பதில் ஓர் எண்ணின் நான்கு தேதிகள் போதும். வடிகட்டும் திறனைக் கணக்கிட்டு எழுத விரும்பினால் 1.9க்கு ஏறத்தாழ 31 வரும். கிரியேட்டினின் இன்னும் நிலைக்காமல் அசைந்துகொண்டிருக்கும்போது அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. ஆனால் மெட்ஃபார்மின் அளவை யோசிக்க அது போதும். 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும், 30க்கும் 45க்கும் இடையில் நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் கூடாது. இந்த அம்மா சரியாக அந்த வரம்பின் மேல் நிற்கிறார்.

'இல்லை' என்று எழுதுவதிலும் கஞ்சத்தனம் வேண்டாம், அளவு மட்டும் வேண்டும். சிறுநீரில் சிவப்பணுக்கள் இல்லை, காய்ச்சல், மூட்டு வீக்கம், தோலில் தடிப்பு இல்லை என்ற ஒரே வரி, அவர் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளை முடித்துவிடும். 'மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, நெஞ்சுவலி இல்லை' என்று பாடநூல் வரிசையில் எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள்.

இனி மருந்துகள். இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தில் 'சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வழக்கமான மருந்துகள்' என்று இருக்கிறது. என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவரை இதய மருத்துவரிடம் அனுப்பினேன். 'இப்போதைய மருந்துகள் தொடர்கின்றன' என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டு 'மருந்துகளைத் தொடரவும்' என்று எழுதினார். நான் தொடர்ந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த முதியவர் நான் தந்த மாத்திரைகளை எப்போதோ நிறுத்திவிட்டார் என்று. அங்கிருந்த மருத்துவர் என்னை நம்பினார், நான் அவரை நம்பினேன், இருவரும் சேர்ந்து இல்லாத மருந்தை மும்முரமாகத் தொடர்ந்தோம்.

அதிலிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும் எவரையும் 'வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்து வாருங்கள்' என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் ஜவுளிக்கடை மஞ்சள் பைதான் வரும். அதை மேசையில் கொட்டி, அட்டை அட்டையாகப் பிரிக்க வேண்டும். நீங்களும் அந்த அம்மாவிடம் இதைச் செய்து, என்னென்ன கிடைத்தன என்று அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் அது ஏறவில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுக்கும் பொட்டலத்தில் அம்லோடிபின் 5 மி.கி. இருக்கிறது. வேறொரு கிளினிக்கில் எழுதிய அட்டையில், வேறு நிறுவனத்தின் வேறு பெயரில், அதுவும் அம்லோடிபின் 5 மி.கி. அந்த அம்மாவுக்கு ஒன்று வெள்ளை வட்டம், இன்னொன்று இளஞ்சிவப்பு. இரண்டும் வெவ்வேறு மருந்து. ஜூலையிலிருந்து காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட்டிருக்கிறார். ஆக நாளுக்கு 10 மி.கி. அந்த அளவில் கால் வீங்குவது மிகச் சாதாரணம். அவருடைய வீக்கத்தில் ஒரு பங்கு புரத இழப்பால், இன்னொரு பங்கு இதனால் இருக்கலாம். இது கடிதத்தில் இல்லையென்றால் சிறுநீரக மருத்துவர் மொத்த வீக்கத்தையும் சிறுநீரகத்தின் கணக்கில் எழுதி, நீர் பிரியும் மாத்திரையைச் சேர்ப்பார்.

பையில் வராததும் உண்டு. 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் 'இல்லை சார்' என்றுதான் பதில் வரும். பொய்யில்லை. மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரை அவர்களுக்கு மருந்தாகவே தோன்றாது. அது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்போல. பீடிக் கட்டோடு நாள் முழுக்கச் சம்மணமிட்டு உட்காருகிறவருக்கு முழங்கால் வலி இல்லாமல் இருக்காது. ஆகவே 'வலிக்கு என்ன போடுகிறீர்கள்? எந்தக் கடையில்? ஒரு நாளைக்கு எத்தனை?' என்று, போடுகிறார் என்று வைத்துக்கொண்டே கேளுங்கள். தூள், லேகியம், கஷாயம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்டதால்தான் அந்தச் சிவப்புத் தூள் வெளியே வந்தது. அந்தச் சாமர்த்தியத்தைக் கடைசி வரியில் கொண்டுபோய்ப் புதைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எழுதும்போது ஒவ்வொரு மருந்துக்கும் மூலப்பெயர், அளவு, நாளுக்கு எத்தனை முறை. கேள்வியோடு தொடர்புடைய மருந்துக்கு மட்டும் எப்போதிலிருந்து என்பது. சமீபத்தில் நிறுத்தியதும் மாற்றியதும் தேதியோடு தனி வரியில் வர வேண்டும். நோயாளி மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவர் அதைச் சாப்பிடவில்லை என்றாலும் அதன் விளைவு உடம்பில் இருக்கிறது. ஆஸ்பிரின் 75 மி.கி. ஒரு சாதாரண வரி என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். பயாப்ஸி செய்வதாக இருந்தால் அவர் முதலில் தேடும் வரி அதுதான். அதற்காக நீங்களாகவே ஆஸ்பிரினை நிறுத்தியும் அனுப்ப வேண்டாம். ஏன் கொடுக்கப்பட்டது என்று எழுதினால் அவரே சொல்வார்.

இப்போது கடிதத்தை எழுதிப் பார்க்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். வடிவம் தெரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

> பெறுநர்: சிறுநீரக மருத்துவர். நோயாளி: பெண், 56.
>
> காரணம்: எட்டு மாதத்தில் கிரியேட்டினின் இரட்டிப்பு, அதிகப் புரத இழப்பு, கால் வீக்கம். ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டுகிறேன்.
>
> கேள்விகள்: 1. இது சர்க்கரையால் வந்ததா, வலி மாத்திரை அல்லது நாட்டு மருந்து சார்ந்த வேறு நோயா? பயாப்ஸி தேவையா? 2. பொட்டாசியம் 5.1 இருக்கும்போது எனலாப்ரிலைத் தொடரலாமா? எந்த அளவில் நிறுத்துவது?
>
> வரலாறு: சர்க்கரை 11 ஆண்டு, இரத்த அழுத்தம் 6 ஆண்டு. இரண்டு மாதமாகக் கால் வீக்கம், எடை 58லிருந்து 63 கிலோ. கிரியேட்டினின்: ஜனவரி 1.0, ஜூன் 1.3, செப்டம்பர் 12 அன்று 2.1, செப்டம்பர் 20 அன்று 1.9. பொட்டாசியம் 5.4, பிறகு 5.1. புரத–கிரியேட்டினின் விகிதம் 3.8, ஆல்புமின் 2.7, மூன்று மாதச் சர்க்கரை 7.8. சிறுநீரில் சிவப்பணு இல்லை. விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு இல்லை (ஆகஸ்ட்). ஸ்கேனில் சிறுநீரகங்கள் சரியான அளவு, அடைப்பு இல்லை. காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டு வீக்கம் இல்லை. இன்று இரத்த அழுத்தம் 150/90. காசநோய்ச் சிகிச்சை 2009இல் முழுமையாக முடித்தவர். மருந்து ஒவ்வாமை இல்லை.
>
> இப்போதைய மருந்துகள்: மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை, கிளிமெபிரைடு 1 மி.கி. காலை, எனலாப்ரில் 5 மி.கி. இரு வேளை (மூன்று ஆண்டாக). அம்லோடிபின் 5 மி.கி. ஒரு வேளை, ஆஸ்பிரின் 75 மி.கி. (சர்க்கரைக்காக வேறு கிளினிக்கில் தொடங்கியது, இதய நோய் இல்லை).
>
> நிறுத்தியவை: அசெக்ளோஃபினாக் 100 மி.கி. தினம் இரண்டு, நான்கு மாதம். செப்டம்பர் 12 முதல் இல்லை. மூட்டு வலிக்கு நாட்டு மருந்து, சிவப்புத் தூள், தேனில் தினம் ஒரு சிட்டிகை, ஏறத்தாழ மூன்று மாதம். செப்டம்பர் 20 முதல் இல்லை, பொட்டலம் நோயாளியிடம் உள்ளது. அம்லோடிபின் இரண்டு இடத்திலிருந்து ஜூலை முதல் நாளுக்கு 10 மி.கி. எடுத்தது தெரிந்து, செப்டம்பர் 20இல் 5 ஆக்கப்பட்டது.
>
> இரத்தப் பரிசோதனைகளும் மருந்து மாற்றமும் இங்கே என்னால் செய்ய முடியும். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று சொன்னால் போதும்.

அரைப் பக்கத்துக்குள் வருகிறது. கையால் எழுதினாலும் ஒரு பக்கத்தின் முன்புறம் தாண்டாது. முன்புறம் என்று அழுத்திச் சொல்கிறேன். பின்புறத்தில் எழுதியது எழுதாததற்குச் சமம். நான் இளம் மருத்துவனாக ஒரு பெரிய மருத்துவமனையில் பணி செய்தபோது, கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலின் ஒவ்வாமை என்று இருந்ததை ஊசி போட்ட பிறகு திருப்பிப் பார்த்திருக்கிறோம். நல்லவேளை, தடிப்போடு போயிற்று.

கேள்வியை வரலாற்றுக்கு முன்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். நம்மில் பலர் படித்த வரிசையில் அது கடைசியில் வரும். முன்னால் வைத்தால், படிக்கிறவர் அடுத்து வரும் ஒவ்வொரு எண்ணையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே படிக்கிறார். விழித்திரை பற்றிய வரி ஏன் இருக்கிறது, காசநோய் ஏன் இருக்கிறது என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைசி வரியும் அலங்காரத்துக்காக எழுதியதில்லை. நோயாளியை முழுவதும் ஒப்படைக்கிறீர்களா, ஆலோசனை மட்டும் கேட்கிறீர்களா என்று அவருக்குத் தெரியாவிட்டால், பத்து நாளுக்கு ஒரு முறை பொட்டாசியம் பார்க்கவும் வேலூருக்கு வரச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் பீடிக் கூலி போகும், துணைக்கு வரும் மகனுக்கு ஒரு நாள் வேலை போகும். மூன்றாவது முறை வரமாட்டார்.

உங்கள் கடிதத்தில் ஒரு வாசகம் எனக்கு உறுத்தியது: 'எவ்வளவு எச்சரித்தும் கேட்காமல் நாட்டு மருந்து உட்கொண்டார்'. கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கடிதம் உறையிடப்படாமல் அவர் கையில் போகும். குடியாத்தம் பஸ் நிலையத்தில் மகனோ மருமகளோ படித்துக் காட்டுவார்கள். 'கேட்காமல்' என்ற சொல்லைக் கேட்டவர், அங்கே மருத்துவர் கேட்கும்போது 'தூளெல்லாம் ஒன்றுமில்லை' என்று மறுத்துவிடுவார். கேள்வியின் பாதி அங்கேயே அடைபட்டுப் போகும். 'எடுத்தார், நிறுத்தினார்' என்று தேதியோடு எழுதினால் யாருக்கும் வலிக்காது. வைத்தியர் யார் என்று எழுத வேண்டாம். என்ன தூள், எவ்வளவு, எத்தனை நாள் என்பதே நிபுணருக்கு வேண்டும்.

இணைப்புகளில் நான்கு கிரியேட்டினின் தாள்கள், சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கை, கண் மருத்துவரின் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் குத்தி அனுப்புங்கள். மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள். பத்தாண்டுச் சீட்டுக் கட்டை அப்படியே அனுப்பினால் அது அவிழ்க்கப்படாமலே திரும்பி வரும். கடிதத்தை மகனின் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே போகும் இடத்தில் தாளை வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த அறையில் காட்ட ஒன்று இருக்கும்.

கடிதம் எழுதி அனுப்புகிற நோயாளி இவர் என்பதால்தான் இவ்வளவும். அடுத்த வாரத்துக்குள் பொட்டாசியம் 6ஐத் தொட்டாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலோ இந்த அழகெல்லாம் வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, உங்களுக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் வசதியுள்ள வேறு இடமோ, நேரே அவசரப் பிரிவுக்கு ஆம்புலன்ஸில் அனுப்புங்கள். கையில் இரண்டு வரி போதும்: பொட்டாசியம் இவ்வளவு, எனலாப்ரில் எடுக்கிறார். மீதியைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

ஆகட்டும், அவரை அனுப்புவதற்கு முன்னால் இரண்டு வேலை பாக்கி. கடிதத்தின் அடியில் நான்கு விரல் அகலம் இடம் விட்டு, '1.' '2.' என்று எண்கள் மட்டும் போட்டு, உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். கேள்விக்கு எண் இருந்தால் பதிலுக்கும் எண் வந்துவிடுகிறது. பலர் அங்கேயே இரண்டு வரி கிறுக்கித் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு, அந்த அம்மாவிடம் மிச்சமிருக்கும் தூள் பொட்டலத்தை எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி, மாத்திரைகளோடு அதே மஞ்சள் பையில் வைத்து எடுத்துப் போகட்டும்.